"எப்ப வரும் ப்ரோ?" - க்ரவுட் ஃபண்டிங் கேட்ஜெட்டுக்குக் காசு கட்டிட்டு காத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய சரியான கேள்வி!

"அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன். ரொம்ப கோபமா இருக்கா?" என்று தம்பி போனை நீட்டினான். அவன் ஒரு மடக்கு கீபோர்டுக்காக அமெரிக்க க்ரவுட் ஃபண்டிங் தளம் ஒன்றில் 2023 செப்டம்பரில் 139 டாலர் கட்டியிருந்தான். கீபோர்டுக்கு 119, ஷிப்பிங்குக்கு 20. வங்கி எடுத்துக்கொண்ட கரன்ஸி மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 12,000 ரூபாய். 2024 மார்ச்சில் வந்துவிடும் என்று போட்டிருந்தார்கள். அவன் போனை நீட்டியபோது நவம்பர் நடந்துகொண்டிருந்தது.

மெசேஜில் இருந்தது இதுதான்: 'ஹலோ, என் கீபோர்டு எப்ப வரும்? எட்டு மாசமா வெயிட் பண்றேன். இது சரியில்லை. ப்ளீஸ் ரிப்ளை.' இதேபோல அவன் ஏற்கெனவே மூன்று அனுப்பியிருந்தான். மூன்றுக்கும் ஒரே பதில்: 'பொறுமைக்கு நன்றி, விரைவில் அனுப்புகிறோம்!' கூடவே ஒரு கைகூப்பும் எமோஜி.

கோபம் அதிகமா இல்லையா என்பது இங்கே பிரச்னையே இல்லை. 'எப்ப வரும்?' என்று கேட்டால், 'விரைவில்' என்பதும் ஒரு பதில்தான். அந்தக் கேள்வியே பதில் சொல்பவருக்கு அப்படி ஒரு வசதியைக் கொடுத்துவிடுகிறது. அன்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து அந்த மெசேஜைத் திருப்பி எழுதினோம். அதற்கு முன் அவனுக்கு நான் சொன்ன கதை, ஒரு ஐஸ் பெட்டியின் கதை.

ஒரு கோடி டாலரைத் தாண்டிய ஐஸ் பெட்டி

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம், போர்ட்லேண்ட் நகரம். ரயன் கிரெப்பர் என்பவர் 'கூலஸ்ட் கூலர்' என்று ஒரு ஐஸ் பெட்டியை வடிவமைத்தார். பிக்னிக்குக்குத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டிதான். ஆனால் அதிலேயே பேட்டரியில் ஓடும் மிக்ஸி, ப்ளூடூத் ஸ்பீக்கர், போன் சார்ஜ் போட யு.எஸ்.பி எல்லாம் இருக்கும். 2013 கடைசியில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 1,25,000 டாலர் கேட்டார், சேரவில்லை. குளிர்காலத்தில் யார் ஐஸ் பெட்டி வாங்குவார்கள்? அடுத்த வருடம் கோடையில், இலக்கை 50,000 டாலராகக் குறைத்துக்கொண்டு மறுபடி வந்தார். இந்த முறை 62,642 பேர் சேர்ந்து 1.32 கோடி டாலர் கொட்டினார்கள். அதுவரை அந்தத் தளத்தில் யாருக்கும் அவ்வளவு பணம் சேர்ந்ததில்லை.

2015 பிப்ரவரியில் டெலிவரி என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதி தாண்டிப் போனது. மிக்ஸி மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டிரைக் என்றார்கள். அதே வருடம், காசு கட்டியவர்களில் பெரும்பாலானோர் காத்திருக்கும்போதே, அமேசானில் அதே பெட்டி விற்பனைக்கு வந்தது. பேக்கர்கள் கட்டியதைவிட ரெண்டு மடங்குக்கும் மேலான விலையில்! 2016-ல் வந்த அப்டேட் இன்னும் மோசம். கூடுதலாக 97 டாலர் கட்டினால் சீக்கிரம் அனுப்புகிறோம் என்றார்கள். ஒரேகான் மாநில நீதித்துறை விசாரணையில் இறங்கி, 2017-ல் ஒரு சமரச ஒப்பந்தம் போட்டது. அதன்படி 873 பேருக்குக் குறிப்பிட்ட கெடுவுக்குள் பெட்டி கொடுத்தாக வேண்டும். 2019 டிசம்பரில் இறக்குமதி வரியைக் காரணம் காட்டி நிறுவனத்தையே மூடினார்கள். அப்போதும் சுமார் 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை. அவர்களுக்குப் பேசப்பட்ட தொகை, தலைக்கு 20 டாலர்.

"அப்போ அவன் ஃப்ராடா?" என்றான் தம்பி. அப்படிச் சொல்லிவிட முடியாது. பல்லாயிரம் பேருக்குப் பெட்டி உண்மையிலேயே போயிருக்கிறது. கணக்குதான் தப்பாகப் போட்டுவிட்டார்கள். சேர்ந்த பணத்தை ஆட்களால் வகுத்தால் தலைக்கு சுமார் 212 டாலர் வருகிறது. அதில் தளத்தின் கமிஷன் 5 சதவிகிதம், கார்டு பரிவர்த்தனைக் கட்டணம் இன்னொரு 3 முதல் 5 சதவிகிதம். மிச்சம் 190 சொச்சம். அதற்குள் அச்சு செய்ய வேண்டும், மோட்டார், பேட்டரி, ஸ்பீக்கர் வாங்க வேண்டும், ஆள் சம்பளம் கொடுக்க வேண்டும், அவ்வளவு பெரிய பெட்டியைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு பெட்டியின் அடக்கவிலையே பேக்கர் கட்டியதைத் தாண்டிவிட்டது என்று அவர்களே சொன்னார்கள். அமேசானில் விற்றது, அந்த லாபத்தில் மிச்சப் பெட்டிகளைச் செய்யத்தான் என்பது அவர்கள் வாதம். ஒவ்வொரு பெட்டியிலும் கை நஷ்டம் என்றால், 62,000 ஆர்டர் என்பது கொண்டாட வேண்டிய எண்ணே இல்லை.

இந்தக் கதையில் நம்ம வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்றுதான். 2015 ஜூலையில் ரீஃபண்ட் கேட்டவருக்கும் 2019 ஜூலையில் கேட்டவருக்கும் நடுவே, கிரியேட்டரின் வங்கிக் கணக்கு வற்றிவிட்டது. க்ரவுட் ஃபண்டிங்கில் பணம் எங்கேயும் பூட்டி வைக்கப்படுவதில்லை. கிக்ஸ்டார்ட்டரில் கேம்பெயின் முடிந்து சுமார் 14 நாளில் கிரியேட்டர் கைக்குப் போய்விடும். தளம் உங்களுக்கு ரீஃபண்ட் தராது. தர வேண்டியவர் கிரியேட்டர், அதுவும் கையில் இருந்தால்தான். ஸ்விகி, அமேசான் பழக்கத்தில் 'ஹெல்ப்' பட்டனைத் தேடிக்கொண்டிருந்தால், அங்கே அப்படி ஒன்று இல்லை.

கையெழுத்துப் போட்டது அவர்தான்

இது கடை இல்லை, சரி. அதற்காகக் கொடுத்த காசு நன்கொடையும் இல்லை. இதை நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். கிக்ஸ்டார்ட்டரின் விதிமுறைகளை எடுத்துப் பார்த்தால், இலக்குத் தொகை சேர்ந்ததும் கிரியேட்டருக்கும் பேக்கருக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் உண்டாகிறது. திட்டத்தை முடிக்க வேண்டும், சொன்ன ரிவார்டைக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, எது தடுக்கிறது என்று அப்டேட் போட வேண்டும். ஒரு காலக்கெடு சொல்லி, அதற்குள் நல்லபடியாக முடிக்க முயல வேண்டும். பணத்தை முறையாகத்தான் செலவழித்தேன் என்று காட்ட முடிய வேண்டும். மிச்சம் இருக்கிற பணத்தை, ரிவார்டு கிடைக்காதவர்களுக்கு அவரவர் கட்டிய விகிதத்தில் திருப்பித்தர முன்வர வேண்டும். இதை எல்லாம் செய்யாவிட்டால் பேக்கர்கள் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே பக்கத்திலேயே இருக்கிறது.

தம்பி பணம் கட்டிய தளத்திலும் விதிகள் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருந்தன. 'ஒப்புக்கொள்கிறேன்' என்று க்ளிக் செய்தபோது அவன் படிக்கவில்லை. யார்தான் படிக்கிறோம்? ஆனால் கிரியேட்டரும் அதே இடத்தில் க்ளிக் செய்திருக்கிறார். நம் மெசேஜ் நிற்க வேண்டிய தரை அதுதான். 'எனக்குக் கஷ்டமா இருக்கு' என்று சொல்வதைவிட, 'நீங்கள் ஒப்புக்கொண்டதை நான் கேட்கிறேன்' என்று சொல்வதில் கனம் அதிகம்.

அந்த மெசேஜ்

கிரியேட்டருக்குப் போனது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி:

'வணக்கம். 2023 செப்டம்பர் 12-ல் முடிந்த உங்கள் கேம்பெயினில், ஒரு மடக்கு கீபோர்டுக்காக நான் 139 டாலர் செலுத்தினேன். இதில் ஷிப்பிங் 20 டாலர். பேக்கர் எண்ணும் ரசீதும் இணைத்திருக்கிறேன். டெலிவரி 2024 மார்ச் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இன்று நவம்பர் 18. கீபோர்டு வரவில்லை. உங்கள் கடைசி அப்டேட் ஆகஸ்ட் 9-ல் வந்தது. அதில் தேதி எதுவும் இல்லை.

கீழே உள்ள இரண்டில் ஒன்றை எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

ஒன்று: 139 டாலரையும் நான் பணம் செலுத்திய கார்டுக்கே திருப்பி அனுப்புங்கள். எந்தத் தேதிக்குள் என்று சொல்லுங்கள்.

இரண்டு: என் கீபோர்டு உங்கள் கிடங்கைவிட்டுக் கிளம்பும் தேதியைச் சொல்லுங்கள். கூடவே, தயாரிப்பு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அச்சு முடிந்துவிட்டதா, சோதனைச் சான்றிதழ் வந்துவிட்டதா, தொழிற்சாலையில் எத்தனை யூனிட்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறீர்கள்? அந்தத் தேதி தவறினால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்பதையும் உறுதி செய்யுங்கள்.

டிசம்பர் 2-க்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். என் முகவரி மாறவில்லை. இந்தத் தளத்தின் மெசேஜ் வழியாகவே பதில் அனுப்புங்கள்.'

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, 'ஏமாத்திட்டீங்க' இல்லை, கோர்ட், போலீஸ் எதுவும் இல்லை. தம்பிக்கு முதலில் இதில் திருப்தி இல்லை. "ரொம்ப சாஃப்ட்டா இருக்கே அக்கா. கேஸ் போடுவேன்னு ஒரு வரி சேர்த்துடலாமா?" வேண்டாம் என்றேன். சென்னையில் உட்கார்ந்துகொண்டு 139 டாலருக்காக அமெரிக்காவில் கேஸ் போடப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். செய்ய முடியாததைச் சொன்னால், செய்யக்கூடியதைச் சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டார்கள். அதுவும் இல்லாமல், இந்த மெசேஜைப் படிக்கப்போவது கிரியேட்டர் மட்டும் இல்லை. பிறகு வங்கியிலும் யாரோ ஒருவர் படிக்கலாம். அவருக்கு இரண்டு நிமிடத்தில் கதை புரிய வேண்டும். தேதி, தொகை, வாக்குறுதி, கேட்டது, கெடு. இவை போதும்.

தளத்தின் மெசேஜிலேயே பதில் கேட்டதற்கும் காரணம் இதுதான். வாட்ஸ்அப் கால், இன்ஸ்டா டி.எம் என்று போனால் பேச்சு இனிமையாக இருக்கும், ஆதாரம் மிஞ்சாது. தளத்திலேயே இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் தேதி பதிவாகும். அனுப்பிய கையோடு, கேம்பெயின் பக்கத்தில் அந்த 'மார்ச் 2024' என்ற வரி தெரியும்படி ஒரு ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வைத்தோம்.

'உறுதியான தேதி' என்றால் எது?

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. 'சப்ளையர் பிரச்னை, ஜனவரியில் எதிர்பார்க்கிறோம்.' தம்பி துள்ளிவிட்டான். நான் துள்ளவில்லை.

ஒரு கேட்ஜெட் தொழிற்சாலையில் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால், வருகிற தேதியை எடை போட முடியும். வீடியோவில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கையால் செய்த ஒரே ஒரு மாதிரி. அதை ஆயிரக்கணக்கில் செய்ய, முதலில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு உலோக அச்சு வெட்ட வேண்டும். வெட்டவே வாரக்கணக்கில் ஆகும், காசும் அங்கேதான் மொத்தமாகப் போகும். அச்சிலிருந்து வரும் முதல் பாகங்கள் ஒருபோதும் சரியாக இருக்காது. மூடி பொருந்தாது, ஓரம் வளையும். அச்சைத் திருத்தி மறுபடி ஊற்ற வேண்டும், இப்படி ரெண்டு மூன்று தடவை நடக்கும். பிறகு ரேடியோ அலை சம்பந்தமான சான்றிதழ். ப்ளூடூத் இருக்கிற எந்தப் பொருளும் இதைத் தாண்டியாக வேண்டும். லித்தியம் பேட்டரி இருந்தால், கப்பலிலும் விமானத்திலும் ஏற்ற அதற்கென்று தனிப் பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. அதன் பிறகு ஒரு சிறு தொகுதி செய்து பார்த்துவிட்டுத்தான் மொத்த உற்பத்தி. தொழிற்சாலை சீனாவில் என்றால், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டுக்கு வேலை வாரக்கணக்கில் நிற்கும். ஊருக்குப் போன தொழிலாளர்கள் எல்லோரும் திரும்பி வருவதும் இல்லை.

ஆக, 'ஜனவரியில் எதிர்பார்க்கிறோம்' என்பதற்குப் பின்னால் எந்தக் கட்டம் இருக்கிறது என்பதுதான் விஷயம். அச்சே இன்னும் திருத்தத்தில் இருக்கிறது என்றால் அந்த ஜனவரி வெறும் ஆசை. மொத்த உற்பத்தி முடிந்து பெட்டியில் அடுக்கியாகிவிட்டது, கப்பல் பதிவு மட்டும் பாக்கி என்றால் அது தேதி. கிரியேட்டர் போடும் அப்டேட் போட்டோக்களையும் இப்படிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் வரைந்த படமும், மேஜையில் ஒற்றை மாதிரியும் மட்டுமே மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால், வேலை முதல் படியிலேயே நிற்கிறது. பெயின்ட் அடிக்காத பாகங்கள், அச்சின் கோடுகள், அட்டைப்பெட்டி அடுக்கு என்று அழகில்லாத போட்டோக்கள் வந்தால் சந்தோஷப்படுங்கள். அதெல்லாம் நிஜமான தொழிற்சாலையின் அடையாளம்.

தாமதம் என்றாலே மோசடி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிக்ஸ்டார்ட்டரை நீண்ட காலமாக ஆராய்ந்த வார்ட்டன் பள்ளிப் பேராசிரியர் ஈத்தன் மோலிக், 2014-ல் வெளியிட்ட ஆய்வில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட திட்டங்கள் சொன்ன தேதிக்குப் பிறகே ரிவார்டு அனுப்பியதைக் கண்டார். அடுத்த வருடம் அவர் பேக்கர்களிடம் நடத்திய பெரிய சர்வேயில், ரிவார்டே தராமல் தோற்ற திட்டங்கள் 9 சதவிகிதம். அதாவது லேட் என்பது வழக்கம், வராமலே போவது பத்தில் ஒன்றுக்கும் கீழே. கஷ்டம் என்னவென்றால், எட்டாவது மாதத்தில் ரெண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் தெரியும். கட்டத்தைக் கேட்பது அதற்காகத்தான்.

தம்பி மறுபடி எழுதினான். 'ஜனவரி எத்தனாம் தேதி? எந்தக் கட்டம்? தவறினால் ரீஃபண்டா?' இந்த முறை வந்த பதிலில் விஷயம் இருந்தது. 'அச்சு முடிந்துவிட்டது, சான்றிதழ் வர வேண்டும். ஜனவரி 31-க்குள் அனுப்பிவிடுவோம். முடியாவிட்டால் ரீஃபண்ட் பற்றிப் பேசலாம்.' 'பேசலாம்' என்பது நழுவல்தான். ஆனால் 'ஜனவரி 31' எழுத்தில் வந்துவிட்டது.

கார்டில் ஓடும் கடிகாரம்

இந்த ஒற்றைத் தேதிக்காக ஏன் இவ்வளவு பாடு? கார்டில் பணம் கட்டியவருக்கு சார்ஜ்பேக் என்று ஒரு வழி இருக்கிறது. காசு கட்டிய பொருள் வரவில்லை என்று நம் வங்கியிடம் முறையிட்டு, பணத்தைத் திரும்பக் கோருவது. விசா கார்டு விதிகளில் இதற்கு ரெண்டு கெடு இருக்கின்றன. பொருள் வரும் என்று நாம் கடைசியாக எதிர்பார்த்த தேதியிலிருந்து 120 நாள். எப்படி இருந்தாலும் பணம் கட்டிய நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. மாஸ்டர்கார்டிலும் ஏறக்குறைய இப்படித்தான்.

தம்பியின் கணக்கைப் பாருங்கள். மார்ச் 31-ஐ வைத்துக்கொண்டால், 120 நாள் ஜூலை 29-லேயே முடிந்துவிட்டது. 'விரைவில்' என்ற எமோஜியைப் பார்த்துக்கொண்டு இருந்த காலத்தில் முதல் கெடு போயே போச்சு. கிரியேட்டரே எழுத்தில் புதுத் தேதி கொடுத்தால், 'நான் கடைசியாக எதிர்பார்த்த தேதி ஜனவரி 31' என்று வங்கியிடம் வாதாட ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் 540 நாள் என்பது நீளாது. 2023 செப்டம்பர் 12-லிருந்து எண்ணினால் அது 2025 மார்ச் 5. ஜனவரி 31 தவறினாலும், கையில் ஒரு மாதம் இருக்கும்.

நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். சாமர்த்தியமான கிரியேட்டர் ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு புதுத் தேதியாகக் கொடுத்துக்கொண்டே போனால், பேக்கர் நம்பிக்கையோடு காத்திருப்பார், 540 நாள் அமைதியாகக் கடந்துவிடும். நடுவில் 'ஷிப்பிங் செலவு ஏறிடுச்சு, இன்னும் கொஞ்சம் கட்டுங்க' என்றோ, 'ரீஃபண்டுக்குப் பதில் எங்கள் அடுத்த மாடலுக்குக் கூப்பன்' என்றோ வந்தால், கூலஸ்ட் கூலரின் 97 டாலரை நினைத்துக்கொள்ளுங்கள். கூப்பனை ஏற்றுக்கொண்டால், பொருள் வரவில்லை என்ற வாதமே பலவீனமாகிவிடும்.

வங்கி கட்டாயம் பணத்தை வாங்கித் தந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 'இது கொள்முதல் இல்லை, ஒரு திட்டத்துக்கான ஆதரவு' என்று கிரியேட்டர் எதிர்வாதம் வைக்கலாம். வங்கி அதிகாரி அதை ஏற்றுக்கொள்ளவும் கூடும். தேதிபோட்ட கடிதப் போக்குவரத்து இருந்தால் நம் பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவே.

அரசாங்கங்கள்? தலையிட்டிருக்கின்றன, ஆனால் கிடைத்ததைப் பாருங்கள். வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல், 810 பேரிடம் சுமார் 25,000 டாலர் வாங்கிக்கொண்டு சீட்டுக்கட்டு அனுப்பாத ஒருவர் மீது 2014-ல் வழக்குப் போட்டார். அடுத்த வருடம் தீர்ப்பு வந்தது. 31,000 டாலர் அபராதம், வழக்குச் செலவு தனி. பேக்கர்களுக்கு? அந்த மாநிலத்தைச் சேர்ந்த 31 பேருக்கு மொத்தமாக 668 டாலர். மற்ற மாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் அந்தத் தீர்ப்பில் எதுவும் இல்லை. 'ஐபேக்பேக்' என்று சார்ஜர் வைத்த முதுகுப்பைக்காக 8 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியவர் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2019-ல் வழக்குத் தொடுத்தது. பணத்தில் பெரும்பகுதியை பிட்காயின் வாங்கவும் கிரெடிட் கார்டு கடன் கட்டவும் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. பேக்கர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது பேட்டரி பிரச்னை. 2020-ல் சமரசம் முடிந்தது, இனி க்ரவுட் ஃபண்டிங் பக்கமே போகக் கூடாது என்று அவருக்குத் தடை. இந்த வழக்குகள் அடுத்தவர் ஏமாறாமல் இருக்க உதவும். சென்னையில் இருக்கிற பேக்கரின் 139 டாலருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான்.

பிப்ரவரி 1

ஜனவரி 31 வந்தது, போனது. ட்ராக்கிங் எண் எதுவும் வரவில்லை. பிப்ரவரி 1 காலையில் தம்பி ரெண்டாவது மெசேஜை அனுப்பினான். முதலாவதைவிடச் சின்னது. 'ஜனவரி 31 தவறிவிட்டது. முழுத்தொகையையும் பிப்ரவரி 10-க்குள் திருப்பி அனுப்புங்கள். இல்லாவிட்டால் 11-ம் தேதி என் வங்கியில் சார்ஜ்பேக் கோருவேன். நம் உரையாடலை ஆதாரமாக இணைப்பேன்.'

இப்போதுதான் எச்சரிக்கை. அதுவும் செய்யக்கூடிய ஒன்று, செய்யப்போகிற தேதியோடு. சார்ஜ்பேக் வந்தால் கிரியேட்டருக்கும் வலிக்கும். பணம் தற்காலிகமாகக் கையைவிட்டுப் போவதோடு, பேமென்ட் நிறுவனம் ஒவ்வொரு புகாருக்கும் தனியாகக் கட்டணம் பிடிக்கும். புகார்கள் கூடினால் கணக்கையே முடக்கவும் செய்யும். 'பேசலாம்' என்றவர் இதற்கு ரெண்டே நாளில் பதில் போட்டார்.

பிப்ரவரி 7-ம் தேதி கார்டுக்கு 119 டாலர் திரும்பியது. ரூபாயில் பத்தாயிரம் சொச்சம். கரன்ஸி மாற்றுக் கட்டணம் போனது போனதுதான், அதை வங்கி திருப்பித் தரவில்லை. இதில் எனக்கு வெற்றிக் களிப்பு எதுவும் இல்லை. அதே கேம்பெயினில் இன்னும் எத்தனையோ பேர் 'எப்ப வரும்?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேதி போட்டுக் கேட்டவருக்கு முதலில் காசு போகிறது, கையிருப்பு தீரும்போது கடைசியில் நிற்பவர் பொறுமையாக இருந்தவர். கூலஸ்ட் கூலரின் 20,000 பேரில் பலர் அப்படிப் பொறுமையாக இருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். இது நியாயமா என்று தம்பி கேட்டான். இல்லைதான். ஆனால் மிச்சப் பணத்தை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துத் தர வேண்டியது கிரியேட்டரின் கடமை. அவர் அதைச் செய்யாததற்கு இவன் தன் காசை விட்டுக்கொடுத்து ஈடுகட்ட முடியாது.

ஷிப்பிங்குக்குக் கட்டிய 20 டாலர் இன்னும் வரவில்லை. 'அது நான்-ரீஃபண்டபிள்' என்கிறார் கிரியேட்டர். அனுப்பாத பொருளுக்கு என்ன ஷிப்பிங் செலவு என்று நேற்று ராத்திரி தம்பி பதில் எழுதினான். என்னிடம் காட்டவில்லை, அவனே அனுப்பிவிட்டான். கீழே கெடு தேதி போட்டிருக்கிறான்: பிப்ரவரி 24.